மண்டபக் கணக்கின் கடைசி வரி

திருமணம் முடிந்து, மணமக்களை வழியனுப்பி, உறவினர்கள் ஊர் திரும்பிய நான்கைந்து நாட்களில் மண்டப மேலாளரிடமிருந்து ஒரு கடிதம் வரும். வாடகை, கூடுதல் நேரம், மின்சாரம், ஜெனரேட்டர், சேதம், வரி எனத் தொகைகள் வரிசையாக இருக்கும். அடியில் முன்பணம் கழிக்கப்பட்டு, செலுத்த வேண்டிய மீதி குறிக்கப்பட்டிருக்கும். சமையல்காரர், அலங்காரக்காரர், புகைப்படக்காரர் என எல்லோருடைய கணக்கும் ஒரே வாரத்தில் வந்து நிற்பதால், பெரும்பாலான குடும்பங்கள் இக்கடிதத்தின் கடைசி எண்ணை மட்டும் பார்த்துப் பணத்தை அனுப்பிவிடுகின்றன. சந்தேகம் எழுந்தாலும் அது ஜெனரேட்டர் வரியிலேயே நின்றுவிடுகிறது. ஆனால் இத்தகைய கணக்குகளில் பெருந்தொகை மாறுபடும் இடம் வேறு. அதைக் காண்பதற்கு, ஒரு கடிதத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்துப் பார்ப்பதே நல்ல வழி.

எடுத்துக்காட்டாக, கோயம்புத்தூரைச் சேர்ந்த ஒரு குடும்பம் பெங்களூரில் தம் மகளின் திருமணத்தை நடத்தியதாகக் கொள்வோம். மாப்பிள்ளை வீட்டார் அவ்வூரில் வசிப்பதால் மண்டபமும் அங்கேயே அமைந்தது. ஒப்பந்தத்தின் முக்கிய விதிகள் இவை. சனிக்கிழமை பிற்பகல் 3 மணி முதல் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் 3 மணி வரை 24 மணி நேரத்துக்கு வாடகை 2,50,000 ரூபாய். அதற்கு மேற்பட்டால் முதல் 30 நிமிடம் கணக்கில் சேராது. பின்னர் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் அல்லது அதன் பகுதிக்கும் 8,000 ரூபாய். மின்சாரம் மீட்டர்படி யூனிட்டுக்கு 14 ரூபாய். ஜெனரேட்டர் அதன் மீட்டர்படி, டீசல் உட்பட, மணிக்கு 2,500 ரூபாய். வரி தனி. பதிவு செய்தபோது குடும்பத்தினர் முன்பணமாக 1,18,000 ரூபாயும், திருப்பித் தரத்தக்க காப்புத்தொகையாக 50,000 ரூபாயும் வங்கிக் கணக்கு வழியாக அனுப்பியிருந்தனர்.

கடிதம் ஆங்கிலத்தில் வந்தாலும் கன்னடத்தில் வந்தாலும் அதன் அமைப்பு ஏறத்தாழ ஒன்றுதான். தமிழில் அது இப்படி இருக்கும்.

"மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் இல்லத் திருமணம் எங்கள் மண்டபத்தில் இனிதே நிறைவுற்றதில் மகிழ்ச்சி அடைகிறோம். இறுதிக் கணக்கு விவரம் கீழே தரப்பட்டுள்ளது.

1. மண்டப வாடகை: ரூ. 2,50,000
2. துப்புரவுக் கட்டணம்: ரூ. 12,000
3. கூடுதல் நேரம், 3 மணி × ரூ. 8,000: ரூ. 24,000
4. மின்சாரம், 720 யூனிட் × ரூ. 14: ரூ. 10,080
5. ஜெனரேட்டர், 5 மணி × ரூ. 2,500: ரூ. 12,500
6. உடைந்த நாற்காலிகள், 7 × ரூ. 500: ரூ. 3,500

கூட்டுத்தொகை: ரூ. 3,12,080
சரக்கு மற்றும் சேவை வரி 18 சதவீதம்: ரூ. 56,174
மொத்தம்: ரூ. 3,68,254
கழிக்க, முன்பணம்: ரூ. 1,00,000
கழிக்க, காப்புத்தொகை: ரூ. 50,000
செலுத்த வேண்டிய மீதி: ரூ. 2,18,254

மேற்கண்ட மீதியை ஏழு நாட்களுக்குள் செலுத்துமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இங்ஙனம்,
மேலாளர்"

கூட்டல் பெருக்கலில் பிழை எதுவும் இல்லை. மரியாதைக் குறைவும் இல்லை. ஆயினும் ஒப்பந்தத்தையும் மீட்டர் குறிப்புகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தால், ஐந்து இடங்களில் தொகை மாறுகிறது.

கூடுதல் நேரம்

முகூர்த்தம் காலையிலேயே முடிந்துவிடுகிறது. பிற்பகல் 2 மணிக்குள் கடைசிப் பந்தியும் எழுந்துவிடுகிறது. அப்படியிருக்கக் கூடுதல் நேரம் எங்கிருந்து வந்தது என்பதுதான் குடும்பத்தினரின் முதல் கேள்வி. மண்டபத்தாரின் கணக்கில், விருந்தினர் வெளியேறிய நேரம் நிகழ்ச்சி முடிந்த நேரம் ஆகாது. அறைச் சாவிகள் அனைத்தும் அலுவலகத்தில் ஒப்படைக்கப்பட்டுப் பதிவேட்டில் கையெழுத்தாகும் நேரமே முடிவு நேரம். சமையல் பாத்திரங்களும் எரிவாயு உருளைகளும் வண்டியில் ஏறும்வரை, மேடை அலங்காரத்தின் சட்டங்கள் பிரிக்கப்படும்வரை, மண்டபம் நம் பொறுப்பிலேயே இருக்கிறது. அடுத்த நிகழ்ச்சிக்காரர் அதே மாலையில் வர இருக்கும் முகூர்த்த நாட்களில் மேலாளர் இதில் கண்டிப்புக் காட்டுவதற்கு நியாயமான காரணம் உண்டு.

நம் எடுத்துக்காட்டில் சாவி ஒப்படைக்கப்பட்ட நேரம் மாலை 5.20. மூன்று மணியிலிருந்து கணக்கிட்டால் 2 மணி 20 நிமிடம். பகுதி மணியை முழு மணியாகக் கொண்டு 3 மணி என எழுதியிருக்கிறார்கள். ஒப்பந்தப்படி முதல் 30 நிமிடம் கணக்கில் சேராது. ஆகவே கணக்கு 3.30 மணிக்குத் தொடங்குகிறது. மீதம் 1 மணி 50 நிமிடம்; அது 2 மணி நேரமாகும். கட்டணம் 24,000 அல்ல, 16,000 ரூபாய்.

ஒரு சொல்லைப் பொறுத்து இக்கணக்கு மாறிவிடும் என்பதையும் கவனிக்க வேண்டும். "30 நிமிடம் வரை தாமதம் ஏற்கப்படும்" என்று மட்டும் ஒப்பந்தம் கூறியிருந்தால், அரை மணியைத் தாண்டியதும் மூன்று மணியிலிருந்தே கணக்கிடலாம் என்று மேலாளர் வாதிட இடம் உண்டு. "கணக்கில் சேராது" என்ற சொற்கள் அந்த வாதத்துக்கு இடம் தருவதில்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் இவ்விரண்டில் எது எழுதப்பட்டுள்ளது என்று பார்த்துக்கொள்வது நல்லது. அதுபோலவே, சமையல் ஒப்பந்தக்காரரிடமும் அலங்காரக்காரரிடமும் அவர்கள் பொருள்களை அகற்ற வேண்டிய நேரத்தை எழுதி வாங்கிக்கொண்டால், அவர்களால் நேர்ந்த தாமதத்தின் கட்டணத்தை அவர்கள் கணக்கில் கழிக்க முடியும்.

ஜெனரேட்டர்

ஜெனரேட்டரின் கட்டுப்பாட்டுப் பலகையில் ஹவர் மீட்டர் ஒன்று இருக்கும். இயந்திரம் ஓடும் நேரத்தை மட்டுமே அது கூட்டிக்கொண்டே போகும். நம் எடுத்துக்காட்டில் மண்டபத்துக்குள் நுழைந்தபோது அது 1842.3 என்றும், வெளியேறியபோது 1846.7 என்றும் காட்டியது. வித்தியாசம் 4.4. இவ்வெண்ணைப் பலர் 4 மணி 40 நிமிடம் என்று படிக்கிறார்கள். புள்ளிக்குப் பின் வருவது நிமிடம் அன்று, மணியின் பத்தில் ஒரு பங்கு; ஒவ்வொரு பங்கும் 6 நிமிடம். எனவே 4.4 என்பது 4 மணி 24 நிமிடம். ஒப்பந்தம் "மீட்டர்படி" என்று கூறுவதால் அதை 5 மணியாக உயர்த்துவதற்கு இடமில்லை. 4.4 × 2,500 = 11,000 ரூபாய். முழு மணியாக்கும் விதி கூடுதல் நேரத்துக்கு மட்டுமே ஒப்பந்தத்தில் உள்ளது. அதை ஜெனரேட்டருக்கும் பொருத்தியதால்தான் 12,500 ரூபாய் ஆயிற்று.

இங்கே கவனிக்க வேண்டிய செய்தி மற்றொன்றும் உண்டு. பழுதில்லாமல் இருப்பதற்காக இயந்திரத்தை இடையிடையே சிறிது நேரம் ஓட்டிப் பார்ப்பது வழக்கம். அந்த நேரமும் ஹவர் மீட்டரில் ஏறும். ஆகவே தொடக்க அளவை முந்தைய நிகழ்ச்சியின் பதிவிலிருந்து எடுத்துக்கொள்ளாமல், நாம் நுழையும் நாளில் நேரில் பார்த்துக் குறிக்க வேண்டும். சில மண்டபங்களில், மின்சாரம் இருக்கும்போதே, முகூர்த்த வேளையில் தடங்கல் வரக்கூடாது என்று ஜெனரேட்டரை ஓட்டுவார்கள். அது நாம் கேட்டு நடந்ததா, மண்டபத்தாரே செய்ததா என்பது பதிவேட்டில் இருக்க வேண்டும்.

மின்சாரம்

720 யூனிட் என்ற எண் எப்படி வந்தது? மீட்டர் 1204.5 இலிருந்து 1240.5 வரை ஓடியிருந்தது, வித்தியாசம் 36. பெரிய மின்சுமை உள்ள கட்டடங்களில் முழு மின்னோட்டமும் மீட்டருக்குள் நேரடியாகச் செல்வதில்லை. மின்னோட்ட மாற்றி என்னும் கருவி அதைச் சிறிதாக்கி மீட்டருக்கு அனுப்பும். அதனால் மீட்டரின் எண்ணை ஒரு பெருக்கெண்ணால் பெருக்கியே யூனிட்டைப் பெற வேண்டும். மாற்றியில் 100/5 என்று பொறித்திருந்தால் பெருக்கெண் 20. 36 × 20 = 720. இது சரியே. பெருக்கெண் எது என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்வதில் தயக்கம் வேண்டியதில்லை. 20-க்குப் பதில் 40 என்று கொண்டால் கட்டணம் இரு மடங்காகிவிடும்.

ஆனால் 720 யூனிட் முழுவதும் மின்வாரியத்திலிருந்து வந்ததா என்பதுதான் கேள்வி. மின்வாரியத்தின் சொந்த மீட்டர், அங்கிருந்து வரும் மின்சாரத்தை மட்டுமே அளக்கும். மண்டபத்தார் தம் கணக்குக்காக உள்ளே பொருத்திய சப் மீட்டர் அப்படி இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. மின்வாரியத்துக்கும் ஜெனரேட்டருக்கும் இடையே இணைப்பை மாற்றும் சேஞ்ச் ஓவர் சுவிட்சுக்குப் பின்னால் அது பொருத்தப்பட்டிருந்தால், இரண்டிலிருந்தும் வரும் மின்சாரம் அதன் வழியாகவே செல்லும். அப்போது ஜெனரேட்டர் ஓடிய நேரத்துக்கு மணிக்கணக்கில் ஒரு கட்டணமும், அதே நேரத்தில் செலவான யூனிட்டுக்கு மற்றொரு கட்டணமும் நம் தலையில் விழும். மண்டபத்தார் வேண்டுமென்று செய்வது என்று இதைக் கருத வேண்டியதில்லை. மீட்டரைப் பொருத்தியவர் ஒருவர், கணக்கு எழுதுபவர் ஒருவர் என்பதால் பல ஆண்டுகளாக யாரும் கவனிக்காமலே இது தொடரக்கூடும்.

கண்டறியும் வழி எளிது. ஜெனரேட்டர் ஓடும்போது சப் மீட்டரைப் பாருங்கள். அதில் உள்ள சிறு சிவப்பு விளக்கு, மின்சாரம் செலவாகும்போதெல்லாம் விட்டுவிட்டு மின்னும். ஜெனரேட்டர் ஓடும்போதும் அது மின்னினால், ஜெனரேட்டர் யூனிட்டும் அதில் ஏறுகிறது என்று பொருள். அந்த யூனிட்டுகளை மொத்தத்திலிருந்து கழித்துவிட வேண்டும்.

நம் எடுத்துக்காட்டில் சப் மீட்டர் அவ்வாறே இருந்தது. ஜெனரேட்டரின் பலகையில் இருந்த யூனிட் மீட்டர், 4.4 மணி நேரத்தில் 220 யூனிட் உற்பத்தியானதாகக் காட்டியது. இவ்வெண்ணை டீசல் அளவைக்கொண்டு சரிபார்க்கலாம். இவ்வகை இயந்திரங்கள் ஒரு லிட்டர் டீசலுக்கு ஏறத்தாழ 3 முதல் 3.5 யூனிட் தரும். 220 யூனிட்டுக்குச் சுமார் 67 லிட்டர் ஆகும். அதாவது மணிக்குச் சுமார் 15 லிட்டர். 125 கே.வி.ஏ. திறனுள்ள ஜெனரேட்டர் பாதிச் சுமையில் ஓடும்போது இது இயல்பான அளவே. எனவே 720-இலிருந்து 220-ஐக் கழிக்க, மின்வாரிய மின்சாரம் 500 யூனிட். கட்டணம் 10,080 அல்ல, 7,000 ரூபாய். ஜெனரேட்டரில் யூனிட் மீட்டர் இல்லாத இடங்களில், அது ஓடத் தொடங்கும்போதும் நிற்கும்போதும் சப் மீட்டர் எண்ணைக் குறித்துக்கொண்டால் போதும்.

வரி எதன்மேல்?

மண்டப வாடகைக்குச் சரக்கு மற்றும் சேவை வரி 18 சதவீதம். மண்டபம் எந்த மாநிலத்தில் உள்ளதோ அந்த மாநிலத்தின் வரியே பொருந்தும். வாடகைக்கு எடுத்தவர் கோவையில் வசித்தாலும், பெங்களூர் மண்டபத்தின் பட்டியலில் மத்திய வரி 9 சதவீதமும் கர்நாடக மாநில வரி 9 சதவீதமும் இருக்க வேண்டும். பதிவு எண்ணின் முதல் இரு இலக்கங்கள் மாநிலத்தைக் குறிக்கும். கர்நாடகத்துக்கு 29, தமிழ்நாட்டுக்கு 33. பதிவு எண்ணே இல்லாத மண்டபத்தார் வரி என்று ஒரு தொகையை வாங்கச் சட்டத்தில் இடமில்லை. கோயில் வளாகத்தில் பதிவு பெற்ற அறக்கட்டளை நடத்தும் மண்டபத்துக்கு விலக்கு உண்டு. ஆனால் நாள் வாடகை 10,000 ரூபாய்க்குக் குறைவாக இருந்தால் மட்டுமே. மேலாளரின் கடிதம் வரிப் பட்டியல் ஆகிவிடாது. வரிசை எண், தேதி, பதிவு எண் ஆகியவற்றுடன் கூடிய பட்டியலைக் கடிதத்தோடு கேட்டுப் பெறுவது நம் உரிமை.

மின்சாரம், ஜெனரேட்டர், கூடுதல் நேரம் ஆகியவை வாடகையோடு இணைந்த சேவைகள் என்பதால் அவற்றுக்கும் அதே 18 சதவீதம் பொருந்தும். மின்வாரியம் வாங்கும் அதே தொகையை, ஒரு ரூபாயும் கூட்டாமல், நம் சார்பில் செலுத்துபவராக மட்டும் மண்டபத்தார் வாங்கினால் அதற்கு வரி இல்லை என்று 2023 அக்டோபரில் வெளியான அரசின் சுற்றறிக்கை விளக்குகிறது. நம் எடுத்துக்காட்டில் யூனிட்டுக்கு 14 ரூபாய் என்பது மண்டபத்தாரே நிர்ணயித்த விலை. ஆகவே வரி உண்டு.

உடைந்த நாற்காலிகளின் நிலை வேறு. அது சேவைக்கான விலை அன்று, சேதத்துக்கான ஈடு. இத்தகைய ஈட்டுத்தொகைக்கு வரி இல்லை என்பது 2022 ஆகஸ்டுச் சுற்றறிக்கையில் தெளிவாக்கப்பட்டது. எனவே 3,500 ரூபாயை வரிக்கு மேலே கூட்டாமல், வரிக்குக் கீழே, காப்புத்தொகையில் கழிக்க வேண்டும். வித்தியாசம் 630 ரூபாய்தான். ஆயினும் முறை அதுவே.

முன்பணம்

இப்போது கடைசி வரிக்கு வருவோம். குடும்பத்தினர் அனுப்பிய முன்பணம் 1,18,000 ரூபாய். கடிதத்தில் கழிக்கப்பட்டதோ 1,00,000 ரூபாய். விடுபட்ட 18,000 ரூபாய் எங்கே?

சேவைக்கான முன்பணத்தைப் பெற்றவுடனேயே அதற்குரிய வரியை மண்டபத்தார் அரசுக்குச் செலுத்த வேண்டும். அதனால்தான் முன்பண ரசீதில் "வாடகை முன்பணம் 1,00,000, வரி 18,000, ஆக 1,18,000" என்று எழுதித் தருகிறார்கள். மண்டபத்தின் கணக்குப் புத்தகத்தில் வாடிக்கையாளர் பெயரில் 1,00,000 ரூபாய் ஓரிடத்திலும், வரி 18,000 ரூபாய் வேறோரிடத்திலும் பதிவாகின்றன. ஆறு மாதம் கழித்து இறுதிக் கணக்கு எழுதும்போது, வாடிக்கையாளர் பெயரில் உள்ள 1,00,000 ரூபாய் மட்டும் கண்ணில் படுகிறது. அதே வேளையில், முன்பணத்துக்குரிய பகுதியும் அடங்கிய முழு வாடகைக்கும் வரி மீண்டும் கணக்கிடப்படுகிறது. ஒரே வாடகைப் பகுதிக்கு நாம் இரு முறை வரி கொடுத்தவர்கள் ஆகிறோம்.

முறையான வரிசை இதுதான். முதலில் எல்லா இனங்களையும் கூட்ட வேண்டும். அந்த முழுத்தொகைக்கு வரியைச் சேர்க்க வேண்டும். அதன் பின்னரே, நாம் கொடுத்த முன்பணத்தை வரியோடு சேர்த்து முழுமையாகக் கழிக்க வேண்டும். நினைவில் வைக்க எளிய விதி ஒன்று உண்டு. உங்கள் பாஸ்புத்தகத்தில் மண்டபத்தின் பெயரில் பற்று வைக்கப்பட்ட தொகை எவ்வளவோ, அவ்வளவும் கடிதத்தில் கழிக்கப்பட்டிருக்க வேண்டும். வரியைத் தனியே சொல்லாமல் முழுத்தொகையாக 1,00,000 ரூபாய் கொடுத்திருந்தாலும் இவ்விதி மாறாது. அப்போது அதில் 84,746 ரூபாய் வாடகையாகவும் 15,254 ரூபாய் வரியாகவும் கருதப்படும். கழிக்க வேண்டியது முழு 1,00,000 ரூபாயே.

இதற்கு நேர்மாறான பிழையும் நேர்வதுண்டு. முன்பணத்தை முதலில் கழித்துவிட்டு, மீதிக்கு மட்டும் வரி போடுவார்கள். நம் எடுத்துக்காட்டில் அப்படிச் செய்தால் மீதி 21,240 ரூபாய் குறைந்துவிடும். அது நமக்கு ஆதாயம் போலத் தோன்றும். மண்டபத்தின் தணிக்கையில் தெரியவந்ததும் அந்தத் தொகையைக் கேட்டு இன்னொரு கடிதம் வரும். கேட்பதில் நியாயமும் இருக்கும்.

காப்புத்தொகை முன்பணத்திலிருந்து வேறுபட்டது. அது திருப்பித் தர வேண்டிய பணம். கையில் இருக்கும்வரை அதற்கு வரி இல்லை. வாடகை மீதிக்காக அதை ஈடுசெய்யும்போதுதான் அது விலையின் பகுதியாகிறது. ஆகவே ஒப்பந்தத்திலும் ரசீதிலும் இவ்விரண்டையும் தனித்தனியே எழுதச் செய்ய வேண்டும். "முன்பணம் 1,68,000" என்று ஒரே வரியில் எழுதிவிட்டால், திருமணம் தள்ளிப்போகும் நிலையில் எது திரும்பி வரும், எது வராது என்பதில் சிக்கல் எழும்.

திருத்திய கணக்கு

இவ்வளவையும் சேர்த்து எழுதினால் கணக்கு இப்படி அமையும்.

மண்டப வாடகை: ரூ. 2,50,000
துப்புரவுக் கட்டணம்: ரூ. 12,000
கூடுதல் நேரம், 2 மணி: ரூ. 16,000
மின்சாரம், 500 யூனிட்: ரூ. 7,000
ஜெனரேட்டர், 4.4 மணி: ரூ. 11,000
கூட்டுத்தொகை: ரூ. 2,96,000
மத்திய வரி 9 சதவீதம்: ரூ. 26,640
கர்நாடக மாநில வரி 9 சதவீதம்: ரூ. 26,640
மொத்தம்: ரூ. 3,49,280
கழிக்க, வரியுடன் கூடிய முன்பணம்: ரூ. 1,18,000
மீதி: ரூ. 2,31,280
கழிக்க, காப்புத்தொகை 50,000-இல் நாற்காலிச் சேதம் 3,500 போக: ரூ. 46,500
செலுத்த வேண்டியது: ரூ. 1,84,780

மேலாளர் கேட்ட 2,18,254 ரூபாய்க்கும் இதற்கும் வித்தியாசம் 33,474 ரூபாய். அதில் ஜெனரேட்டர் வரியால் வந்தது, வரியோடு சேர்த்து, 1,770 ரூபாய் மட்டுமே. சரிபாதிக்கு மேல், அதாவது 18,000 ரூபாய், முன்பணம் கழித்த ஒரே வரியிலிருந்து வந்தது.

பதில் எழுதும் முறை

தொலைபேசியில் வாதிடுவதைவிட ஒரு பக்கக் கடிதம் விரைவில் பயன் தரும். கோபத்துக்கு அதில் இடம் வேண்டாம். ஒவ்வோர் இனத்துக்கும் ஒப்பந்த விதி, மீட்டர் எண், சரியான தொகை என மூன்றையும் வரிசையாக எழுதினால் போதும். "வரிசை எண் 3: சாவி ஒப்படைத்த நேரம் 5.20, ஒப்பந்தப்படி முதல் 30 நிமிடம் சேராது, 2 மணிக்கு ரூ. 16,000" என்பதுபோல எழுதலாம். ஒப்புக்கொள்ளும் இனங்களையும் ஒப்புக்கொண்டதாகவே எழுத வேண்டும். நாற்காலி உடைந்தது உண்மையானால் அதை மறுக்காமல் ஏற்பது, மற்ற இனங்களில் நம் சொல்லுக்கு மதிப்பைக் கூட்டும். இறுதியில், திருத்திய வரிப் பட்டியல் கிடைத்ததும் பணம் அனுப்பப்படும் என்று ஒரு வரி போதும்.

இக்கடிதத்தை எழுதுவதற்கான ஆதாரம் திருமண நாளிலேயே சேர்ந்துவிட வேண்டும். பெண்ணின் தந்தைக்கு அன்று இதற்கெல்லாம் நேரம் இராது. சித்தப்பாவோ மாமாவோ ஒருவர் பொறுப்பேற்று, நுழையும்போதும் வெளியேறும்போதும் சப் மீட்டரையும் ஹவர் மீட்டரையும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு, மண்டபப் பதிவேட்டில் அந்த எண்களுக்கு எதிரே இருதரப்பும் கையெழுத்திடச் செய்ய வேண்டும். நாற்காலி, பாத்திரம் ஆகியவற்றின் எண்ணிக்கையையும் சாவி கொடுக்கும் முன் சேர்ந்து எண்ணிவிடலாம்.

எழுத்தில் கேட்டும் தீரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, மண்டபம் வேறு மாநிலத்தில் இருந்தாலும், நாம் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் அளிக்க முடியும்.

பணம் செலுத்தும்போது

இத்தொகையை ரொக்கமாகக் கொடுக்கும் எண்ணம் வேண்டாம். ஒரு நிகழ்ச்சி தொடர்பாக ஒருவரிடமிருந்து 2 லட்சம் ரூபாய் அல்லது அதற்கு மேல் ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடை செய்கிறது. முன்பணம், மீதி என்று பிரித்துக் கொடுத்தாலும் ஒரே திருமணத்துக்கு உரியவை என்பதால் அவை சேர்த்தே கணக்கிடப்படும். பெற்ற தொகைக்குச் சமமான அபராதம் மண்டபத்தாருக்கு விதிக்கப்படலாம். ஆகவே இது இருவருக்கும் உகந்த வழி அன்று.

1,84,780 ரூபாயை நெஃப்ட் வழியாக அனுப்பலாம். 2019 டிசம்பர் முதல் அது எல்லா நாட்களிலும் எல்லா நேரமும் இயங்குகிறது. அனுப்பும்போது குறிப்புப் பகுதியில் வரிப் பட்டியலின் எண்ணை எழுதி, பரிவர்த்தனை எண்ணை மேலாளருக்குத் தெரிவியுங்கள். அதற்கு மறுமொழியாக "இறுதிக் கணக்கு தீர்ந்தது, பாக்கி இல்லை, காப்புத்தொகை ஈடுசெய்யப்பட்டது" என்று ஒரு கடிதம் கேட்டுப் பெறுங்கள். முன்பண ரசீது, இறுதிப் பட்டியல், இந்தக் கடிதம், பாஸ்புத்தகத்தில் பற்றுப் பதிவான பக்கத்தின் நகல் ஆகிய நான்கையும் ஒரே உறையில் வைத்துவிட்டால் மண்டபக் கணக்கு முடிந்துவிடும்.